ஊரறிந்ததற்கு யார் சாட்சி?

1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. அதில் 30 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு உணவுப் பற்றாக்குறை காரணமல்ல.

ஒரு கட்டுரையில் இந்த மூன்று வாக்கியங்களும் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் இதழ்களில் மூன்றும் பெரும்பாலும் அடிக்குறிப்பு இல்லாமலேயே அச்சாகும். பஞ்சம் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் எல்லாருக்கும் இவை தெரிந்தவைதானே என்று எழுதியவரும் நினைப்பார், பதிப்பாசிரியரும் நினைப்பார். மூன்றும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு சொல்லப்படுவதால் வாசகருக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

முதல் வாக்கியத்துக்குச் சான்று கேட்பவர் யாருமில்லை. பஞ்சம் நடந்தது என்பதற்கு அரசு ஆவணங்கள் இருக்கின்றன. கல்கத்தாத் தெருக்களில் கிடந்தவர்களின் நிழற்படங்களை ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் அந்த ஆண்டே வெளியிட்டது. சித்தப்பிரசாத்தும் ஜைனுல் ஆபிதீனும் கண்ணெதிரே கண்டதை வரைந்தார்கள். உயிர்பிழைத்தவர்களின் நினைவுகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பொய்யென்று நிரூபணமானாலும் மற்றவை அசையாமல் நிற்கும். ஒரே இடத்துக்கு வந்துசேரும் பல பாதைகள், ஒன்றையொன்று சாராத பாதைகள். இப்படிப்பட்ட செய்திக்கு ஏதாவது ஒரு நூலைச் சான்றாகக் காட்டினால், அந்த நூலால்தான் அது நிற்கிறது என்ற பொய்த்தோற்றம் உண்டாகும்.

இரண்டாம் வாக்கியத்தில் ஒரு எண் வந்துவிட்டது. எண் வந்தால் யார் எண்ணினார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். ஜான் உட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு 1945இல் தந்த அறிக்கை, ஏறத்தாழ 15 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் அந்த எண்ணிக்கை 30 லட்சத்தை ஒட்டி வந்தது. மக்கள்தொகை ஆய்வாளர் அருப் மகாரத்னாவின் கணக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது, சுமார் 21 லட்சம். யாரும் பொய் சொல்லவில்லை. கிராமத்துச் சாவுகளைப் பதிவு செய்யவேண்டிய சௌகிதார்களே பல இடங்களில் செத்துப்போனார்கள், அல்லது ஊரைவிட்டுப் போனார்கள். வழியில் விழுந்து இறந்தவர்கள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் ஏறவில்லை. விடுபட்டதை எந்த அளவுக்குக் கூட்டிச் சேர்ப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தார்கள். அதைவிட முக்கியமானது கணக்கை எங்கே நிறுத்துவது என்பது. விசாரணைக் குழு 1944ஆம் ஆண்டின் முற்பகுதியோடு நிறுத்திக்கொண்டது. மலேரியாவும் அம்மையும் காலராவும் அதற்குப் பிறகும் கொன்றுகொண்டிருந்தன, அந்தச் சாவுகளையும் பஞ்சத்தின் கணக்கில்தான் எழுதவேண்டும் என்று சென் வாதிட்டார். ஆக, 30 லட்சம் என்று ஒருவர் எழுதும்போது, பஞ்சம் எப்போது முடிந்தது என்பது பற்றிய ஒரு நிலைப்பாட்டையும் சேர்த்தே எழுதுகிறார். அந்த நிலைப்பாடு யாருடையது என்று சொல்லாமல் விட்டால், விவாதத்தில் ஒரு தரப்பின் குரல் வரலாற்றின் குரலாகிவிடுகிறது.

மூன்றாம் வாக்கியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது சென்னின் புகழ்பெற்ற வாதம். 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடுதான் குறைவு, பஞ்சம் வராத 1941ஐ விட 13 விழுக்காடு அதிகம் என்று அவர் கணக்குக் காட்டினார். போர்க்காலச் செலவால் விலை ஏறியது, விவசாயக் கூலி அதோடு ஏறவில்லை, அரிசி இருந்தும் வாங்கும் சக்தி இல்லாதவர்கள் செத்தார்கள் என்பது அவர் கண்டது. இந்த வாதம் அடைந்த வெற்றி பெரிது. அதனால்தான் அது சென்னுடைய வாதம் என்பதே பலருக்கு மறந்துபோனது. ஆனால் அறுவடைப் புள்ளிவிவரங்களே நம்பத்தகாதவை என்று சொன்னவர்கள் உண்டு. தாவர நோயியலாளர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இலேயே, 1942 சம்பா நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் பெருமளவில் அழித்ததைப் பயிராய்வு நிலையங்களின் விளைச்சல் பதிவுகளைக்கொண்டு எழுதியிருந்தார். வரலாற்றாசிரியர் மார்க் டாகர் அதை எடுத்துக்கொண்டு சென்னோடு மோதினார். சென்னின் வாதத்தை ஏற்பதா மறுப்பதா என்பது எழுதுபவரின் உரிமை. அவர் பெயரை விட்டுவிட்டு எழுதுவதற்கு மட்டும் உரிமையில்லை.

அப்படியானால் அந்தப் பத்தி எப்படி இருந்திருக்க வேண்டும்? ‘1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கையை அரசின் விசாரணைக் குழு 15 லட்சம் என்றது, அமர்த்தியா சென் 30 லட்சத்துக்கு அருகில் வைத்தார். பற்றாக்குறையைவிட வாங்கும் சக்தி குலைந்ததே முதன்மைக் காரணம் என்பது சென்னின் முடிவு.’ சில சொற்கள்தான் கூடியிருக்கின்றன. நம்பாத வாசகருக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. ஆய்விதழாக இருந்தால் பக்க எண்ணும் வேண்டும். சிறுபத்திரிகைக் கட்டுரைக்கு இதுவே போதும். சான்று காட்டுவது என்றால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எண் போடுவது மட்டும்தான் என்று நினைக்கத் தேவையில்லை.

ஆய்வு மாணவர்களுக்கான கையேடுகள் இந்தச் சிக்கலைச் சுருக்கிவிடப் பார்க்கின்றன. ஒரு செய்தி ஐந்து நூல்களில் சான்றில்லாமல் சொல்லப்பட்டிருந்தால் அதைப் பொது அறிவாகக் கொள்ளலாம் என்று ஒரு விதி அவற்றில் பரவலாகச் சொல்லப்படுகிறது. கைக்கு வசதியான விதி. அது தவறிப்போகும் இடத்தைப் பார்க்க அறிவியல் வரலாற்றில் ஒரு நல்ல நிகழ்வு இருக்கிறது.

மனித உயிரணு ஒன்றில் எத்தனை குரோமோசோம்கள்? 1950களின் முற்பகுதியில் பள்ளி மாணவரைக் கேட்டாலும் பல்கலைக்கழகப் பேராசிரியரைக் கேட்டாலும் 48 என்றே சொல்லியிருப்பார்கள். ஐந்தல்ல, கையில் கிடைத்த உயிரியல் பாடநூல்கள் எல்லாவற்றிலும் அந்த எண் இருந்தது. அதன் பெரும் ஆதாரம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோபிலஸ் பெய்ன்டர் 1923இல் வெளியிட்ட கட்டுரை. மனநல விடுதி ஒன்றில் விதைநீக்க அறுவைக்கு ஆளானவர்களின் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார் அவர். அந்த முறையில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், சீவலின் விளிம்பில் வெட்டுப்படும். எது ஒன்று, எது இரண்டு என்பது கண்ணின் தீர்ப்பு. 1921இல் எழுதிய முதற்குறிப்பில் அவரே 46ஆ 48ஆ என்று தயங்கியிருந்தார். இரண்டாண்டு கழித்து 48 என்று முடிவுசெய்தார். பாடநூல்கள் முடிவை எடுத்துக்கொண்டன, தயக்கத்தை விட்டுவிட்டன.

பிறகு வேறு சிலரும் எண்ணினார்கள், 48 என்றே கண்டார்கள். இங்கேதான் ‘பலர் சொல்லியிருக்கிறார்கள்’ என்பதன் மதிப்பு என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மங்கலான படத்தில் 48ஐ எதிர்பார்த்து எண்ணுகிறவருக்கு 48 கிடைத்துவிடும். குறைந்தால் இன்னொரு தடவை எண்ணுவார், கூடினால் ஒன்றை உடைந்த துண்டு என்பார். 1952இல் டி. சி. சூ என்ற ஆய்வாளருக்கு ஒரு நல்லூழ் வாய்த்தது. உயிரணுக்களைக் கழுவும் உப்புக்கரைசலில் தவறுதலாகத் தண்ணீர் கூடிப்போனதால் உயிரணுக்கள் உப்பி, குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. அதுவரை எவருக்கும் கிடைக்காத தெளிவு. அந்தத் தெளிவோடு எண்ணியும் அவர் 48 என்றே எழுதினார்.

ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1955 டிசம்பரில் கருவின் நுரையீரல் உயிரணுக்களை எண்ணினார். சூவின் கரைசல் முறையோடு கொல்சிசின் என்ற மருந்தையும் பயன்படுத்தி, உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பினார். திரும்பத்திரும்ப 46தான் வந்தது. 1956இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு செய்தி இருக்கிறது. அங்கே இருந்த வேறொரு குழு அதற்கு முன் மனிதக் கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்தது, ஆனால் 48 குரோமோசோம்களையும் தங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அந்த ஆய்வை நிறுத்திவைத்தது. சரியான விடை அவர்கள் கையிலிருந்தது. எல்லாருக்கும் தெரிந்த உண்மையோடு பொருந்தவில்லை என்பதால் தங்கள் வேலையில்தான் கோளாறு என்று முடிவுகட்டினார்கள்.

முப்பது ஆண்டுகாலப் பாடநூல்கள் அத்தனையையும் குவித்தாலும் அது ஒரு சாட்சிதான். ஒரு நூல் இன்னொன்றைப் பார்த்து எழுதப்பட்டது, அது வேறொன்றைப் பார்த்து எழுதப்பட்டது. எத்தனை நூல்களில் இருக்கிறது என்று எண்ணுவதால் பயனில்லை. அந்த நூல்கள் ஒன்றையொன்று பாராமல் அந்த முடிவுக்கு வந்தனவா என்றுதான் கேட்க வேண்டும். வங்கப் பஞ்சம் நடந்ததற்கு இந்தக் கேள்வி ஆம் என்ற பதிலைத் தருகிறது. 48க்கு இல்லை என்கிறது.

இன்று 46 என்று எழுதுகிறவர் ட்ஜியோவையும் லெவானையும் சான்று காட்டுவதில்லை. காட்டத் தேவையுமில்லை. 48ஐயும் சான்றில்லாமல்தானே எழுதினார்கள், 46க்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்கலாம். மருத்துவமனைகளோடு இணைந்த ஆய்வகங்களில் உலகமெங்கும் அன்றாடம் குரோமோசோம்களை எண்ணுகிறார்கள். டவுன் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஒன்று கூடுதலாக, 47 இருப்பதை 1959இல் பாரிஸில் கண்டதிலிருந்து, அந்த எண்ணிக்கையை நம்பி நோய் கண்டறியப்படுகிறது. எண் தவறாக இருந்தால் அந்த வேலை ஒருநாள்கூட ஓடாது. முதலில் சொன்னவரின் கையைவிட்டுப் போய், தினசரி வேலையால் தாங்கப்படும் உண்மையாக அது ஆகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு அறிவுத்துறையின் இரத்தத்தில் கலந்துபோய், கண்டவரின் பெயர் உதிர்ந்துவிடுவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் கவனித்து எழுதினார். கண்டுபிடித்தவருக்கு அது ஒருவகையில் இழப்பு, இன்னொருவகையில் மிகப் பெரிய மரியாதை.

ஆனால் அதே வாக்கியம் வேறொரு கட்டுரைக்குள் வந்தால் கதை மாறும். குரோமோசோம் எண்ணிக்கை எப்படித் திருத்தப்பட்டது என்று எழுதுகிறவர், 46ஐ யார், எந்த ஆண்டில், எந்தத் திசுவில் கண்டார்கள் என்று சொல்லியாக வேண்டும். வாக்கியம் அந்தக் கட்டுரையில் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. வாசகர் யார் என்பதும் அப்படியே. 1866 முதல் 1868 வரை பின்லாந்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது என்பது ஹெல்சின்கியில் எழுதுகிறவருக்கு ஊரறிந்த செய்தி. மதுரையிலிருந்து எழுதுகிறவர் அதைச் சொல்லும்போது எங்கே படிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்வது நல்லது. அங்கே சான்று என்பது நிரூபணம் அல்ல, வழிகாட்டும் மரியாதை.

பெயர் உதிர்ந்த உண்மையும், பெயரே இல்லாமல் பிறந்த வதந்தியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுக்கும் அடிக்குறிப்பு இல்லை, இரண்டையும் எல்லாரும் சொல்கிறார்கள். பிரித்தறியப் பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். பாலக்கீரையின் கதையில் அப்படி நடந்து பார்த்திருக்கிறார்கள்.

பாலக்கீரையில் இரும்புச்சத்து ஏராளம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், அது பொய், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவர் தசமப்புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டதால் இரும்பின் அளவு பத்து மடங்கு கூடிவிட்டது, அந்தத் தவறை நம்பித்தான் போப்பாய் கீரை தின்றான்: இந்தக் கதை அறிவியல் எழுத்தாளர்களுக்குப் பிரியமானது. சரிபார்க்காமல் எழுதாதே என்று எச்சரிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் கால இதழில் மருத்துவர் டி. ஜே. ஹாம்ப்ளின் இதை எழுதினார். சான்று எதுவும் தரவில்லை. 1995இல் ஸ்வீடனின் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், தவறான மேற்கோள்களால் பொய்த் தகவல் பரவுவது பற்றியே ஒரு கட்டுரை வந்தது. அதில் தசமப்புள்ளிக் கதை எச்சரிக்கையாக இடம்பெற்றது, சான்று ஹாம்ப்ளின்.

இங்கிலாந்தின் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் 2010இல் இதன் வேரைத் தேடினார். தசமப்புள்ளி பிசகியதற்கு எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. ஹாம்ப்ளினைக் கேட்டபோது அவராலும் எங்கிருந்து எடுத்தார் என்று காட்ட முடியவில்லை. 1932ஆம் ஆண்டுச் சித்திரத் தொடரில் போப்பாய் கீரையின் பெருமையாகச் சொல்வது வைட்டமின் ஏ சத்தையே. 2014இல் நார்வே நாட்டு மானுடவியலாளர் ஒலே பியோர்ன் ரெக்டால், இந்தக் கதை ஆய்வுக் கட்டுரைகளுக்குள் எப்படிக் கைமாறியது என்று சுவையாக எழுதினார். பாலக்கீரையை மட்டும் நம்பி இரும்புச்சத்துக்கு இருந்துவிடக் கூடாது என்பது என்னவோ சரிதான். நூறு கிராமில் மூன்று மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு இருக்கிறது, அதில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். முடிவு சரி, சொன்ன காரணம்தான் கட்டுக்கதை. அதனால்தான் அது முப்பதாண்டுக்காலம் தப்பித்தது. மூடநம்பிக்கையை உடைக்கும் வாக்கியம் நம்மிடம் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை, புத்திசாலியாக உணரவைக்கிறது. ‘பலரும் நினைப்பதுபோல் இல்லை’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு இரட்டிப்புச் சான்று கேட்பது நல்ல பழக்கம்.

நம் ஊரில் இதற்கு இணையான கதை ஒன்று உலவுகிறது. இந்தியாவின் நெடுக்கிலும் குறுக்கிலும் பயணம் செய்ததாகவும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை என்றும், இந்த நாட்டை அடக்க அதன் பண்பாட்டை முறிக்க வேண்டும் என்றும் மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாகச் சொல்வார்கள். மேடையில் கேட்டிருக்கிறோம், மலர்களில் படித்திருக்கிறோம். பிழையைக் கண்டுபிடிக்க ஆவணக் காப்பகம் போகவேண்டியதில்லை, அந்தத் தேதி போதும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கி, ஊட்டியில் பெண்டிங் பிரபுவைச் சந்தித்துவிட்டுக் கல்கத்தா போனவர். கல்வி பற்றிய அவருடைய புகழ்பெற்ற குறிப்பில் இருக்கும் தேதியும் 1835 பிப்ரவரி 2தான். லண்டனுக்குக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய காலத்தில், ஒரே நாளில் கல்கத்தாவில் எழுதிக்கொண்டும் லண்டனில் பேசிக்கொண்டும் ஒருவர் இருக்க முடியாது. உண்மையான குறிப்பிலோ இந்தியாவின் மேன்மை பற்றிய வியப்பு எதுவுமில்லை, நேர்மாறான இளக்காரம்தான் இருக்கிறது.

மெக்காலே ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாக எழுதினார் என்பதற்குச் சான்று வேண்டாம். அவர் இன்ன சொற்களைச் சொன்னார் என்பதற்குக் கட்டாயம் வேண்டும். ஒருவர் வாயில் வைக்கப்படும் சொற்கள் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தாலும் பொது அறிவாவதில்லை. எண்ணுக்கும் காரணத்துக்கும் சொன்ன அதே நியாயம்தான்: அவை ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். ‘உலகிலேயே முதன்முதலில்’ என்ற பெருமைக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அதைச் சொல்ல மற்ற எல்லா இடங்களையும் ஒருவர் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

நம் உரைநடையில் இந்தச் சிக்கலிலிருந்து நழுவ ஒரு சொகுசான வழி இருக்கிறது. ‘என்று சொல்லப்படுகிறது’, ‘ஆய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்று முடித்துவிட்டால் பொறுப்பு யார் தலையிலும் விழாது. சான்று இருப்பதுபோன்ற பாவனை உண்டு, சான்று இல்லை. சொல்பவர் யாரென்று தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் ‘இதன் மூலத்தைக் காண முடியவில்லை’ என்று எழுதலாம், அல்லது வாக்கியத்தையே அடித்துவிடலாம். அடித்தபின் கட்டுரை நின்றால் அந்த வாக்கியம் அலங்காரத்துக்கு வந்தது என்று பொருள். நிற்காவிட்டால், இன்னும் எழுதும் நேரம் வரவில்லை, நூலகத்துக்குப் போக வேண்டும்.